வெல்டர் மகளின் சுருள்

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்களை என் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெல்டருக்குத்தான் முதலிடம். குழந்தைகளுக்கு மட்டும் முடி வெட்டுகிற கடை என்னுடையது. முதல்முறை வெட்டப்போகிற பிள்ளை என்றால் முன்கூட்டியே போட்டோ அனுப்பச் சொல்வேன். முடி எப்படிப்பட்டது, எப்படி வெட்டலாம் என்று எழுதி அனுப்பிய பிறகுதான் கத்தரியைத் தொடுவேன். "ஒரு பிஞ்சுத் தலைக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. கேட்கட்டும்.

வெல்டர் போனிலேயே ஆரம்பித்தான்.

"அக்கா, ரெண்டு வயசுப் பொண்ணு. மெஷினைப் போட்டு வழிச்சு விட்டுடுங்க. உங்ககிட்ட கேக்காம கை வைக்கக்கூடாதுன்னு அவ அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறா, அதான் கூப்பிட்டேன்."

"போட்டோ அனுப்புங்க தம்பி. அப்புறம் பேசலாம்."

வந்த போட்டோக்களில் முடி வழுவழுவென்று தோள்வரை படிந்து கிடந்தது. நேர்முடி, தோளுக்கு மேலே வட்டமாக வெட்டினால் போதும் என்று எழுதவே ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் குழந்தையின் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது கண்ணில் பட்டது. வந்ததே எனக்குக் கோபம்! தலையை நனைத்துப் படிய வாரியிருக்கிறான்; அது சுருள்முடியாக இருந்து, ஈரத்தில் அளந்து வெட்டினால், காய்ந்ததும் காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும். வெட்டியதை ஒட்டவைக்கவா முடியும்?

"ஏன் தம்பி, தண்ணி தொட்டு வாரி எடுத்திருக்கீங்க?"

"அப்பதானே பாக்க ஒழுங்கா இருக்கும்?"

"ஒழுங்கை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? தலை குளிச்சு, தானா காயட்டும். எண்ணெய் வேண்டாம், சீப்பு வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்துல முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம், உச்சி எல்லாம் எடுங்க. ஒரு சுருளை லேசா நீட்டிப் பிடிச்சும் ஒண்ணு எடுங்க."

பல நாள் சத்தமே இல்லை. நான் விடுகிற ஆளா? தொணதொணவென்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் போட்டோ வந்து சேர்ந்தது. அடேயப்பா, அது என்ன முடி! உட்கார்ந்து எழுதினேன்:

"நெற்றியில் லேசான அலை. காதோரம் பென்சிலில் சுற்றி எடுத்தது போன்ற சுருள். பிடரியில் இன்னும் இறுக்கம், பேனா ரீஃபில் பருமன்தான். இழை மிக மெலிசு, ஆனால் அடர்த்தி. காய்ந்தால் தாடைவரை, நீட்டினால் தோள்வரை. தலையணையில் உரசிப் பிடரியில் சிக்கு விழுந்திருக்கிறது, குறை அது ஒன்றுதான். மெஷின் வேண்டாம். காய்ந்த முடியில், ஒவ்வொரு சுருளாக, நுனி மட்டும் எடுக்கலாம். வளர வளர சுருள் மாறவும் கூடும்."

தொப்பி போட்டுக்கொண்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "படிச்சேன் அக்கா. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா வழிச்சிடுங்க."

"இந்த முடி யாரோடது? அவ அம்மாவுதா?"

"எங்க வீட்டுல யாருக்கும் இப்படி இல்ல."

குழந்தை அவன் தொப்பியைப் பிடுங்கிக் கீழே போட்டாள். மழித்த தலை. மழித்துச் சில வாரம் இருக்கும். பிடரியில் துளிர்த்திருந்தது குட்டி வளையங்களாகச் சுருண்டிருந்தது.

"தம்பி, என்கிட்டயே பூ சுத்துறீங்களா?"

அவன் முகம் தொங்கிவிட்டது. "பள்ளிக்கூடத்துல என்னைப் பாத்திரம் தேய்க்கிற நாருன்னு கூப்பிடுவாங்க. வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பாரு. மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே வழிக்க ஆரம்பிச்சேன், இன்னும் நிறுத்தல. இவளையும் ஒருத்தன் அப்படிக் கூப்பிடணுமாக்கா?"

என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"முதல்ல அவளை அப்படிக் கூப்பிடப் போறதே நீங்கதான். வாயால இல்ல, மெஷினால."

அவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

பிடரியை மட்டும் நனைத்து, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கி விரலால் சிக்கெடுத்தேன். அவள் சிணுங்கியபோதெல்லாம் நிறுத்தினேன். அலசித் துண்டால் ஒற்றி, காயும்வரை சோப்புக் குமிழி ஊதி விளையாட்டுக் காட்டினோம். அவன்தான் அதிகமாக ஊதினான். பிறகு முனை மழுங்கிய கத்தரியால், ஒவ்வொரு சுருளையும் அது விழுகிற இடத்திலேயே பிடித்து, நுனியை மட்டும் எடுத்தேன். சுருள்கள் அத்தனையும் துள்ளிக்கொண்டு நின்றன.

அவள் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். அப்புறம் அப்பா தலையைப் பார்த்தாள். மடியில் விழுந்து கிடந்த ஒரு துண்டுச் சுருளை எடுத்து, எக்கி, அவன் தலைமேல் வைத்தாள்.

"அப்பாக்கு."

அவன் அதைத் தட்டிவிடவில்லை. கீழே விழுந்துவிடக்கூடாதே என்று தலையைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.