பல் பட்டாலும்

போஸ்டரக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் உயிரைக் கொடுத்துப் போட்ட படத்தை வாங்கியதும், அதிலிருக்கும் எழுத்துகளையெல்லாம் பழுப்புக் காகிதப் பட்டையால் மூடிவிடுவார். பிறகு வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்குப் போய், யாராவது ஒருவரிடம் அதை நீட்டி, "இதுல என்ன தெரியுதுங்க?" என்று கேட்பார். அவர்கள் சொல்வதை அப்படியே கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். முகத்தை மரக்கட்டையாக வைத்திருப்பார். எத்தனையோ தடவை என் மூக்கு உடைபட்டது அந்த நோட்டில்தான்.

பதினோரு வருடம் ஊசி போடும் நர்ஸாக இருந்தவர். முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் சுகாதாரக் கல்விப் பிரிவு என்ற பெயரில் எங்கள் சுகாதார நிலையத்தின் கோடி அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய், படம் போடுபவனாகிய நான். பயிற்சி மாணவர்களுக்கான பாடப்பகுதிகளைப் பெரிய டாக்டர் அனுப்புவார். அதைத் தெருவில் போகிறவர் நின்று பார்க்கும் ஒரே தாளாக்குவது எங்கள் வேலை.

அந்தத் தடவை வந்தது ஏழாம் பாடம், வெறிநாய்க்கடி. முப்பத்தொரு பக்கம். அக்கா சிவப்பும் பச்சையுமாக இரண்டு பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தார். படிக்கிறவர் செய்ய வேண்டியது எதுவோ அதற்குப் பச்சை, தெரிந்துகொள்ள மட்டுமே உதவுவதற்குச் சிவப்பு. கடைசியில் பச்சையில் தேறியது மூன்றுதான். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. அன்றே சுகாதார நிலையத்துக்கு வா. எல்லா ஊசியும் முடியும்வரை வா.

பாடத்தில் நோய் முற்றியவரின் அறிகுறிகள் நான்கு பக்கம் இருந்தன. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்பதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஒரு மனிதர் தம்ளரை வேண்டாமென்று உள்ளங்கையால் தடுத்து, தாடையை உள்ளுக்கு இழுத்துக்கொள்வதாகப் போட்டேன். நல்ல படம். பார்க்கிறவருக்கு முதுகு சில்லிடும். அக்கா அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"இது வந்ததுக்கப்புறம் செய்யறதுக்கு எதுவும் இல்ல தம்பி. கையில மருந்து இல்லாதப்ப எதுக்கு பயமுறுத்தணும்?"

எனக்குக் கோபம். படத்தை வீம்புக்கு என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் குத்திவைத்தேன். மறுநாள் காலை வந்தபோது அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நேராக வைத்தேன். அடுத்த நாளும் திரும்பியிருந்தது. அறை பெருக்கும் அம்மாவின் வேலை என்று தெரிந்தும் கேட்கவில்லை. யாரும் இல்லாத அறையில் அது தானாகத் திரும்பிக்கொள்வதாக நினைத்துக்கொள்வதில் எனக்கே ஒரு குறுகுறுப்பு இருந்தது.

நாயைத்தான் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண் சிவந்து, வாயில் நுரை தள்ளி, பல் முழுக்கத் தெரியும்படி ஒரு நாய். அக்கா பாடத்தின் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார். நோயுள்ள நாய் அமைதியாகவும் இருக்கலாம், குட்டியாகவும் இருக்கலாம், பூனையும் கொண்டுவரலாம் என்று எழுதியிருந்தது. சாதாரணக் குட்டி ஒன்றைப் போடச் சொன்னார். குட்டியைப் பார்த்து எவன் பயப்படுவான் என்று நான் குதித்தேன். அதற்குள் விழிப்புணர்வு வாரம் வந்துவிட்டது. பெரிய டாக்டருக்கு என் நாய் பிடித்துப்போனது. மக்களிடம் காட்டிப் பார்க்காமல் ஒட்டக் கூடாது என்று அக்கா மன்றாடியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் அவர் பக்கம் சாய்ந்து, "ஒரு பத்து பிரதிதானேக்கா" என்றேன். முதல் பிரதியை நிலையத்தின் வாசலில் நானே ஒட்டினேன்.

வாசலுக்கு எதிரே மரத்தடியில் தையல் மெஷின் போட்டிருப்பார் தையற்காரர். கிழிசல் தைப்பது, ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளம் குறைப்பது. எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் தூரத்தில் வருகிறவரின் இடுப்பளவைச் சொல்லிவிடுவார். என் ஜன்னலிலிருந்து நேராகத் தெரிவது அவர் முகம்தான். அன்று எழுந்து வந்து, கட்டைவிரலைத் தடவிக்கொண்டே போஸ்டரைப் பார்த்தார்.

"நல்லா போட்டிருக்கீங்க தம்பி. இந்த மாதிரி நாய் வந்தா நான் மெஷினைப் போட்டுட்டு ஓடியே போயிடுவேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் போய் இரண்டு தடவை சொன்னேன்.

அக்கா விடுகிற ஆளில்லை. வாரம் முடிந்ததும், பெரிய அச்சுக்குப் போகுமுன் படங்களைக் காட்டிப் பார்த்தே தீருவேன் என்று நோட்டோடு பெஞ்சுக்குப் போனார். கால் மணி நேரத்துக்கு நான் போட்ட கடிகாரத்தைப் பார்த்து ஒரு அம்மா, மூன்று மணிக்குத்தான் கழுவ வேண்டுமா என்றார். கழுவும் கையை மட்டும் மணிக்கட்டோடு போட்டிருந்தேன். ஒரு பெரியவர் அதைப் பார்த்து, யாருடைய கை, ஏன் வெட்டினார்கள் என்று குரல் தாழ்த்திக் கேட்டார். 'வெறிநாய்க்கடி' என்ற தலைப்பை வாசித்துக் காட்டினால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கத்து நாய்க்கு வெறியெல்லாம் கிடையாது.

நான் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினேன். கடிகாரம் போய் 'கால் மணி நேரம்' என்ற சொல்லே வந்தது. வெட்டின கைக்கு முழு ஆள் வந்தார், குழாயடியில் குனிந்து காலைக் கழுவுகிறவராக. நாய் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாம் சுற்றுக்குத் தையற்காரரைக் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் நாயைப் புகழ்ந்த ஒரே ஆள் அவர். போஸ்டர் ஒட்டி அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

மதியம் மூன்று மணி. பெஞ்சில் வேறு யாரும் இல்லை. தையற்காரர் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல், தூக்கமில்லை என்றார். கண்கள் உள்ளே போயிருந்தன. அக்கா நாயைக் காட்டினார், அவர் நாய் என்றார். ஊசியைக் காட்டினார், ஊசி என்றார். மூன்றாவதாகக் குழாயடிப் படத்தை நீட்டினார்.

அவர் பார்த்தார். கழுத்து நரம்பு ஒன்று துடித்தது. பிறகு உள்ளங்கையை மெல்லத் தூக்கிப் படத்தைத் தடுத்து, தாடையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

"இதை மட்டும் எடுத்துடுங்கம்மா. பாத்தா தொண்டைய என்னமோ பண்ணுது. நேத்துலேர்ந்து டீயே இறங்கல."

அக்கா வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தார். 'தொண்டைய' என்பதோடு பேனா நின்றது. அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு விரலாக. நான்தான் வரைந்தேன்.

அக்கா நோட்டை மூடினார். கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர் அன்றைக்குத்தான் பேசினார். "அண்ணே, உங்களை ஏதாவது நாய் கடிச்சுதா?"

"இல்லையேம்மா."

"நல்லா யோசிங்க. குட்டி, பூனை, எதுவா இருந்தாலும்."

"நம்ம வீட்டுல குட்டி ஒண்ணு இருந்துச்சு. மடியிலதான் கெடக்கும். வெளையாடும்போது கட்டைவெரல்ல பல்லு பட்டுச்சு. கடிக்கல, பல்லுதான் பட்டுச்சு. நாலு நாள்ல பாவம் அதுவே செத்துப்போச்சு, மெஷினுக்கு அடியில." விரலைத் தடவினார். "அஞ்சு வாரம் இருக்கும். இப்ப நாலு நாளா இந்த வெரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

வாசல் போஸ்டரை அவர் தினமும் பார்த்திருக்கிறார். அதிலிருந்த நாய் அவருடைய நாய் இல்லை. அதனால் அதிலிருந்த ஊசியும் அவருக்கில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டார். அந்த நிம்மதியை அவருக்குக் கொடுத்தது நான்.

டாக்டர் பார்த்தார். விசிறியைப் போட்டுக் காற்று பட்டதுமே தையற்காரருக்குத் தொண்டை இறுகியது. டாக்டர் விசிறியை நிறுத்திவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்னார். போஸ்டர் ஒட்டிய அன்றே தையற்காரர் ஊசிக்கு வந்திருந்தால் என்று நான் கேட்டேன். ஊசியால் காப்பாற்றியிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது, அறிகுறி வந்த பிறகு ஊசி பலிக்காது என்றார் டாக்டர். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்று மாலையே அக்கா தையற்காரரின் மனைவியை அழைத்துவந்து உட்காரவைத்தார். குட்டி அவர் கையையும் நக்கியிருக்கிறது. கையெல்லாம் அரிவாள்மனைக் கீறல். அவருக்கு அன்றே ஊசி தொடங்கியது.

தையற்காரர் நான்கு நாள் இருந்தார். எனக்குப் போய்ப் பார்க்கத் தைரியமில்லை. அக்கா முட்டிவலியோடு தினமும் போனார். அறைக்குத் திரை போட்டு இருட்டாக்கியிருக்கிறார்கள். சத்தம் கேட்கக் கூடாதென்று வெளிக்குழாயின் மூக்கில் துணி சுற்றியிருக்கிறார்கள். நடுநடுவே தெளிவாகப் பேசினாராம். இரண்டு சட்டைக்குப் பொத்தான் வைக்க வேண்டும் என்று சொன்னாராம்.

எங்கள் அறைக் குழாயின் சொட்டு அந்த நான்கு நாளும் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. அதிலும் ஒரு துணியைச் சுற்றினேன். ஐந்தாம் நாள் அறை பெருக்கும் அம்மா வந்தபோது, சுவரிலிருந்த தம்ளர் படத்தைத் திருப்பி வைத்தது ஏன் என்று கேட்டேன்.

"அது நம்ம தையக்காரர் மாதிரியே இருந்துச்சு. அவரை அப்படிப் பாக்க எனக்குப் பிடிக்கல. உங்களுக்குத் தெரியலையா?"

திருப்பிப் பார்த்தேன். நூலில் கட்டித் தொங்கும் கண்ணாடி. ஒரு பக்கம் சரிந்த மீசை. ஜன்னலில் தினமும் பார்த்த முகம் எனக்கே தெரியாமல் கைவழியே இறங்கியிருக்கிறது. படத்தின் மூலையில் நான் போட்ட தேதி ஒரு மாதத்துக்கு முந்தியது. கட்டைவிரலையும் பார்த்தேன். அது மற்ற விரல்களிலிருந்து கொஞ்சம் விலகி நின்றது. அப்படி ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசல் போஸ்டரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். புதிதாக ஒரு குட்டியைப் போட்டேன், வாலாட்டிக்கொண்டு ஒரு கையைக் கவ்வும் குட்டி. வெறிநாய்க்கடி என்ற தலைப்பை அக்கா எடுத்துவிட்டார். பாடத்தில் 'தோலில் மேலோட்டமான உராய்வு' என்று இருந்ததற்குப் பதிலாக மூன்று வரி எழுதினார்.

நாயோ பூனையோ குட்டியோ, பல் பட்டாலும், நகம் பட்டாலும், கழுவுங்கள். அன்றே ஊசி. எத்தனை நாள் கடந்திருந்தாலும் உடனே வாருங்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியை வாசலில் ஒட்டி, அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நிறையப் பேர் குட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வரியைக் கேட்டவர்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

இருபத்தெட்டாம் நாள், தையற்காரரின் மனைவி கடைசி ஊசிக்கு வந்தார். போட்டுக்கொண்டு வெளியே போகிறவர் வாசலில் நின்றார். எதிரே மெஷின் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை. போஸ்டரைத்தான் பார்த்தார். அக்கா பட்டையால் எழுத்தை மூடவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை.

அவர் விரலை நீட்டிக் குட்டியின் தலையைத் தடவினார்.

"காது இன்னும் கொஞ்சம் தொங்கும்மா" என்றார்.

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். நான் உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, காதைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.