மைனஸ் போட்டால் ஜெயிக்கிற பக்கம்

எனக்கு வாய் சும்மா இருக்காது. வேலையில் பார்த்ததை வீட்டில் கொட்டினால்தான் சோறு இறங்கும். இந்தக் குணத்தால் வந்த வினை இது.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, அதுவும் பாதி நாள் தண்ணீர் சொட்டும். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு போன் கம்பெனியில் லைனில் நின்றவள் நான். நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. உட்கார்ந்து செய்கிற வேலை என்றதும், என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் சேர்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். வெளிநாட்டில் ஒரு வெப்சைட். எந்தப் பந்தயக் கம்பெனி எந்த ஆட்டத்துக்கு என்ன விலை வைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி விலை எழுதும். அத்தனையையும் டெசிமல் என்கிற ஒரே கணக்குக்கு மாற்றவேண்டும். ஒரு ரூபாய் போட்டு ஜெயித்தால் போட்டதையும் சேர்த்து எவ்வளவு கைக்கு வரும், அதுதான் டெசிமல். கம்ப்யூட்டரே மாற்றிவிடும். அதற்குச் சந்தேகம் வந்த இடத்தில் மஞ்சள் அடிக்கும். அதை நாங்கள் பார்த்துச் சரி, தப்பு சொல்லவேண்டும்.

என்னைப் படுத்தி எடுத்தது மலேசியா கணக்கு. அதில் ஒரு பக்கம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ். முதல் வாரம் ஒரு விலை 0.98-லிருந்து திடீரென்று மைனஸ் 0.98 ஆகிவிட்டது. ஐயோ, தலைகீழாக விழுந்துவிட்டதே என்று நான் கத்தியதில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீம் லீடர் திருநெல்வேலிக்காரர். நிதானமாக எழுந்து வந்தார்.

"பதறாதீங்கம்மா. அது விழல, ஏறியிருக்கு."

ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினார். பிளஸ் 0.80 என்றால் நூறு ரூபாய் போட்டால் எண்பது லாபம். நூற்றுக்கு நூற்றெண்பது திரும்பும், டெசிமல் 1.80. மைனஸ் 0.80 என்றால் எண்பது போட்டால் நூறு லாபம். எண்பதுக்கு நூற்றெண்பது, அதாவது 2.25. பிளஸ் என்றால் ஒன்றைக் கூட்டு. மைனஸ் என்றால் ஒன்றை அந்த எண்ணால் வகுத்து, பிறகு ஒன்றைக் கூட்டு. விலை ஏறி ஒன்றைத் தொட்டதும் மைனஸுக்குத் தாவிவிடும். ஆகவே 0.98 என்பது 1.98, மைனஸ் 0.98 என்பது 2.02. நான் ஊரைக் கூட்டியது நாலு பைசா ஏற்றத்துக்கு.

இந்தோனேசியா கணக்கு என்று இன்னொன்று உண்டு. வகுத்தல், கூட்டல் எல்லாம் அதே. ஆனால் எண்கள் ஒன்றுக்குக் குறையாது. மைனஸ் 1.25 என்றால் நூற்றிருபத்தைந்து போட்டால்தான் நூறு லாபம். டெசிமல் 1.80. அதாவது இந்தோனேசியாவில் மைனஸ் என்றால் ஜெயிக்க வாய்ப்பு அதிகம் உள்ள பக்கம், லாபம் கம்மி. மலேசியாவில் மைனஸ் என்றால் வாய்ப்புக் குறைந்த பக்கம், லாபம் அதிகம். குறி ஒன்று, அர்த்தம் நேர் எதிர். இது புரிய எனக்கு ஒரு மாசம் ஆனது. புரிந்தபின் தலைகால் தெரியாத பெருமை.

என் வீட்டுக்காரர் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் இருக்கிறார். சாயந்தரம் இரண்டு பேரும் டீ குடிக்கும்போது நான் ஆபீஸ் கதையை ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு முழுக்க இந்தோனேசியா ஷீட். விரல் ஒடிந்துபோயிருந்தது. அவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே கேட்டார்.

"அது கெடக்கட்டும்மே. எது ஜெயிக்கும்னு எப்டி கண்டுபுடிக்கறது?"

"மைனஸ் போட்டுகீதா, அதான் ஜெயிக்கிற பக்கம்," என்றேன். டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அன்றைய ஷீட்டுக்கு அது சரி. அந்த ஷீட்டுக்கு மட்டும்.

மூன்று மாசம் போனது. நாங்கள் இருந்த வீட்டை ஓனர் விற்கப் போவதாகச் சொன்னார். படப்பை போகிற வழியில் வேறு வீடு பார்த்தோம். தண்ணீர் வசதி, மாடி, நல்ல காற்று. அட்வான்ஸ் ஐம்பதாயிரம், செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். பணம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் போனஸும் என் சேமிப்பும் சேர்ந்து அவர் அக்கவுண்டில் சரியாக ஐம்பது. நான் திரைச்சீலைக்கு அளவுகூட எடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச்சிலிருந்து வந்தேன். அவர் கட்டிலில் குப்புறப் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருப்பி வைத்தார். திருப்பி வைத்தால் நான் விடுவேனா? பிடுங்கிப் பார்த்தேன்.

ஷட்டில் ஆட்டம். இரண்டு வெளிநாட்டுப் பெயர்கள். எதிரில் கறுப்பில் ஒரு எண், சிவப்பில் மைனஸோடு ஒரு எண். நாள் முழுக்க நான் பார்க்கிற அதே எண்கள். அவர் கம்பெனியில் மலேசியா போய்வந்த ஒருத்தர் ஏற்றிக் கொடுத்த பந்தய ஆப்பாம். இங்கே தடை என்பது தெரிந்தே செய்திருக்கிறார்.

"எவ்ளோ போச்சு?"

தலையணையைச் சரிசெய்தார்.

"யோவ், எவ்ளோ போச்சுன்னு கேக்கறேன்!"

"இருபத்தி ரெண்டாயிரம்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் பழைய பந்தயங்களைக் காட்டி என்னைச் சமாதானம் செய்யப் பார்த்தார். "நானா இஷ்டத்துக்கு போடலமே. நீ சொன்ன மாதிரி மைனஸாதான் பாத்து பாத்து போட்டேன். இன்னாத்துக்கு தோத்துக்கினே கீதுன்னுதான் பிரியல."

பட்டியலைப் பார்த்தேன். மைனஸ் 0.60, மைனஸ் 0.72, மைனஸ் 0.45. எல்லாம் சிவப்பு. அத்தனையும் மலேசியா கணக்கு. மூன்று மாசமாக மனுஷன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்க வாய்ப்பு அதிகமுள்ள ஆளைத் தேடிப் பிடித்து, அவன்தான் ஜெயிப்பான் என்று நம்பிப் பணம் கட்டியிருக்கிறார். நடுவில் ஒன்றிரண்டு ஜெயித்தபோது லாபம் ஏன் இவ்வளவு அதிகம் என்று ஒருநாளாவது யோசித்தாரா? இல்லை. ஆப் நல்ல ஆப் என்று நினைத்திருக்கிறார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும். போனை உடைத்திருந்தாலும் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் தப்பான கணக்கைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும்.

"அட கூமுட்ட! நான் சொன்னது இந்தோனேசியாவுக்கு. இது மலேசியா. மைனஸ் 0.45ன்னா டெசிமல்ல 3.22. ஒண்ணு போட்டா மூணுக்கு மேல தரான்னா அவன் ஜெயிக்கவா போறான்? பிளஸ் போட்டவன்தான்யா இதுல தெம்பான ஆளு!"

சொல்லிக்கொண்டே வந்த நான் நிறுத்தினேன். அவர் முகம் மாறியது. வெட்கப்படுவார், நொந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார்.

"அப்போ இத்தினி நாளா தப்பான பக்கம் போட்டுக்கினு இருந்தேனா? அதான பாத்தேன்! எம்மே, இத மொதல்லயே சொல்லி இருக்கக்கூடாது?"

தோற்றதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கொடுத்தவள் நான்.

அவசர அவசரமாகப் பேப்பர் எடுத்தேன். திரையில் அப்போது இருந்த ஆட்டத்தையே எழுதினேன். ஒரு பக்கம் பிளஸ் 0.85, டெசிமல் 1.85. இன்னொரு பக்கம் மைனஸ் 0.95, டெசிமல் 2.05. நூறை 1.85-ஆல் வகுத்தால் ஐம்பத்து நாலு, அந்தப் பக்கம் ஜெயிக்க நூற்றுக்கு அவ்வளவு வாய்ப்பு என்று விலை சொல்கிறது. நூறை 2.05-ஆல் வகுத்தால் நாற்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டையும் கூட்டு.

"நூத்தி ரெண்டுக்கு மேல வருது பாரு. நூறுதானே வரணும்? அந்த மீதி அவனுது. நீ பிளஸ்ல போட்டாலும் மைனஸ்ல போட்டாலும் அவன் பங்க எடுத்துக்கினுதான் உனக்கு வெல போடறான். நீ பக்கத்த மாத்தினா ஒண்ணும் மாறாது, பிரியுதா?"

"பிரியுது, பிரியுது," என்றார். கட்டைவிரல் திரையில் இருந்தது. பிளஸ் பக்கத்தில் இருபதாயிரம் போட்டிருந்தார்.

நான் கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் உட்காரவில்லை. துணியை மடித்தேன், மடித்ததைக் கலைத்தேன், அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கினேன். தோற்கட்டும் என்று வேண்டவா, ஜெயிக்கட்டும் என்று வேண்டவா? ஆண்டவரே என்று ஆரம்பித்து அதற்கு மேல் வார்த்தை வராமல் நின்றேன். பாதி மனம் வீட்டைக் கேட்டது.

ஜெயித்துவிட்டார். பதினேழாயிரம் லாபம். என்னைத் தூக்கிச் சுற்றினார். "உன் மூளதான்மே, உன் மூளதான்!" 1.85 என்றால் ஏறக்குறைய காசு சுண்டிப் போடுகிற மாதிரிதான், இதில் என் மூளைக்கு என்ன வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மிச்சமிருந்த இருபத்தெட்டோடு நாற்பத்தைந்து சேர்ந்தது. மீதி ஐந்தை நான் ஆபீஸில் சம்பள முன்பணமாகக் கேட்டு வாங்கினேன். அவர் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார், என் கண் முன்னால் ஆப்பை அழித்தார். செவ்வாய்க்கிழமை சாவி வாங்கினோம். மாடியில் நல்ல காற்று. திரைச்சீலை அளவு கச்சிதமாக இருந்தது. என்னால்தான் அங்கே ஒரு இடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. அவர் போனைச் சார்ஜில் போட்டாலும் என் கண் அங்கேயே போகும்.

மூன்றாவது வாரம், ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாட்ஸப்பில் அவரிடமிருந்து செய்தி. வணக்கமில்லை, சாப்பிட்டாயா இல்லை. இரண்டே எண்கள்: +0.72, -0.82.

படியிறங்கி பேக்கரி வாசலுக்கு வந்தேன். லாரிச் சத்தத்தில் காது அடைத்தது. சத்தியம் என்னவாயிற்று என்று கேட்கவேண்டும், நார் நாராகக் கிழிக்கவேண்டும் என்றுதான் போன் போட்டேன். ஆனால் படியிறங்குவதற்குள் 1.72, 2.22 என்று மனசு போட்டு முடித்திருந்தது. அவர் எடுத்தார். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எந்தப் பக்கம் போட்ட?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னும் போடலமே. நீ சொல்லுவன்னுதான் வெயிட் பண்ணிக்கினு கீறேன்."