போணி ரசீது

கிள்ளானில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான் என் முதல் வாடிக்கையாளர். இரண்டாவது வாடிக்கையாளர் அப்போது இல்லை. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுதுபார்த்துக்கொண்டே வீடியோ பார்த்து நிரல் எழுதக் கற்றேன். இவர் கைவிட்டால் மறுபடி திருப்புளிதான்.

அவர் கடையில் காசு வாங்கியதும் வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு ரசீது போகும். அதற்கென்று தனியாக சர்வர் கிடையாது. கிளவுட்டில் ஒரு சின்ன நிரல். கூப்பிட்டால் எழுந்து ரசீதை அனுப்பும், கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் தூங்கிவிடும். ஓடிய நேரத்துக்கு மட்டும்தான் காசு. மாதாமாதம் சல்லிக்காசுகூட பில் வரவில்லை. இவ்வளவு மலிவாக ஓடுவது எங்கே இடிக்குமோ என்று அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாருக்கும் டக்குனு போகுது. மொத ஆளுக்கு மட்டும் ஏன் நிக்குது? அந்த ஆன்டி போனையே பாத்துக்கிட்டு, 'பாஸ், காசு வந்துச்சா இல்லையா'ன்னு கேக்குது. போணியில கேக்குற கேள்வியா இது?"

"கோல்ட் ஸ்டார்ட், அண்ணே. ராத்திரி பூரா தூங்குது. எந்திரிக்க நேரம் எடுக்கும்."

"என் கடையில நானே தூங்குறதில்ல. இன்னும் ஒரு வாரம் பாப்பேன். இல்லன்னா பழையபடி கார்பன் புக்குதான்லா."

ரசீதுக்கு அச்சு வடிவம் கொடுக்கும் பெரிய நிரல் மூட்டை ஒன்றை அதற்குள் வைத்திருந்தேன். எழும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு எழ வேண்டும். அதைக் குறைக்கக் கை வைத்தால் வேறு எதுவும் உடையுமோ என்று பயம். கிளவுட்டில் இன்னொரு வழி இருந்தது: எப்போதும் விழித்திருக்கச் சொல்லலாம். அப்படி விழித்திருக்க நிரலின் பிரதி ஒன்று போதும். பயத்தில் பத்து வைத்தேன். கடையில் கல்லா ஒன்றுதான்.

போணி சரியாக நடந்தது. மாதக் கடைசியில் நானூறு ரிங்கிட்டுக்கு மேல் பில் வந்தது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், விழித்திருப்பதற்கே காசு என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை. அதை என் கையிலிருந்து கட்டினேன்.

பத்தையும் அணைத்துவிட்டு, கடை திறக்குமுன் நிரலை எழுப்பிவிட நேரம் குறித்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அண்ணன் அதன் பிறகுதான் திறந்தார். அதற்குள் அது மறுபடி தூங்கியிருந்தது. போணிக்கு வந்தவர் மறுபடி போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் காலையில் கல்லா மெஷினைப் போடும்போதே நிரலை எழுப்பும்படி மாற்றினேன். அவர் சூடம் காட்டி முடிப்பதற்குள் அது விழித்துவிடும்.

"சும்மா எழுப்பி விடுறியா? எழுந்து என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது, அண்ணே."

"வெறுங்கையோடயா? ஒரு ரசீதாவது அடிக்கச் சொல்லு."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

மத்தியான நேரத்தில் அது தூங்கித் தாமதமானால் அண்ணன் கண்டுகொள்வதில்லை, அது போணி இல்லையே. கார்பன் புத்தகம் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தினமும் காலையில் பூஜ்ய ரிங்கிட்டுக்கு எனக்கொரு ரசீது வருகிறது. வரச் சற்றுத் தாமதமானால் கடைக்குப் போன் செய்கிறேன். "இன்னும் தொறக்கலடா" என்கிறார்.