நான் சொன்ன "ஆமா"

மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஃபோன் வந்தது. காட்டுமன்னார்கோயில் சாலையில் மகனின் பைக் சறுக்கிவிட்டது, சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கடலூர் செம்மண்டலத்திலிருந்து நானும் கணவரும் போய்ச் சேர ஏழு ஆகிவிட்டது. வலிக்கு ஊசி போட்டு அரைமயக்கத்தில் கிடந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது. குனிந்து நெற்றியைத் தொட்டபோது சட்டையில் சாராய வாடை.

மயக்க மருந்து டாக்டர் வந்து, சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, எப்போது சாப்பிட்டான் என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, "குடிச்சிருக்காரா?" என்றார். மறைத்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். "ஆமா சார்," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் என்றார்கள். கணவரின் கம்பெனி எடுத்துத் தந்த இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்தோம். அன்று காலை பில்லிங்குக்குக் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து என் அண்ணனும் வந்திருந்தார்.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பில்லை எங்கள் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டாள்.

"சர்ஜன் ஃபீஸ் இருபத்திரண்டாயிரம். மயக்க மருந்து டாக்டருக்கு ஆறாயிரத்தி ஐநூறு. தியேட்டர் ஒம்பதாயிரம். உள்ள வச்ச ராடு பதினாலாயிரத்தி ஐநூறு. ரூம் ஆறு நாளைக்கு அஞ்சாயிரத்தி நானூறு, நர்ஸிங் ஆயிரத்தி எரநூறு. மருந்து பதிமூணாயிரத்தி எழுநூத்தி அம்பது. எக்ஸ்ரே, ஸ்கேன், லேப் நாலாயிரத்தி எண்ணூத்தி அம்பது. மொத்தம் எழுபத்தேழாயிரத்தி எரநூறு. அட்வான்ஸ் இருபது போவ, அம்பத்தேழாயிரத்தி எரநூறு கட்டணும்."

"அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே," என்றார் கணவர்.

அவள் ஒரு ஃபேக்ஸ் தாளை எடுத்து வைத்தாள். "ரிஜெக்ட் ஆயிடுச்சு சார். குடிச்சிருந்தப்ப அடிபட்டா பாலிசியில வராது. கேஸ் ஷீட்ல எழுதியிருக்கு. மது அருந்தியிருந்ததா தாயார் சொன்னாங்கன்னு."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"அந்த ஒரு வரிய எடுத்துட முடியாதாம்மா?" என்றார் அண்ணன்.

"எழுதினத அழிக்கக் கூடாது சார். ரத்தத்துல டெஸ்ட்டும் எடுக்கல. பையனோட அம்மா வார்த்தைதான் இருக்கு."

"டீச்சராச்சே. உண்மையத் தவிர வேற எதுவும் வராது," என்றார் கணவர், அவளிடம், என்னைக் காட்டி.

"பத்து வயசுலயே அப்படித்தான் மச்சான். எங்கப்பாகிட்ட என்னப் போட்டுக் குடுத்து அடி வாங்கி வச்சவ," என்று அண்ணன் சிரித்தார். கணவரும் சிரித்தார்.

அரசுக் காப்பீடு கிடைக்குமா என்று கேட்டேன். கணவரின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, அந்த வருமான வரம்புக்குள் வர மாட்டீர்கள் என்றாள். மேனேஜ்மெண்டுக்கு ஒரு லெட்டர் எழுதினால் ரூமிலும் தியேட்டரிலும் கொஞ்சம் குறைப்பார்கள். ராடு, மருந்து, டாக்டர் ஃபீஸில் கை வைக்க மாட்டார்கள். பாதி இப்போது கட்டி, மீதிக்குப் பின்தேதியிட்ட செக் கொடுக்கலாம். முழுசாகக் கட்டி ஒரிஜினல் பில்லோடு இன்ஷூரன்ஸுக்கு மேல்முறையீடு செய்யலாம். "ஆனா அதுக்கும் கேஸ் ஷீட் காப்பி வைக்கணும்," என்றாள்.

லெட்டரை நான் எழுதினேன். ஐயாயிரம் குறைத்தார்கள். கணவர் முப்பதாயிரம் கட்டினார், மீதிக்கு இரண்டு செக் கொடுத்தார். அந்த ஆறு நாளும் நான் மகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கஞ்சி ஊட்டினேன், துடைத்துவிட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ரசீது கைக்கு வந்த பிறகுதான் அவனை வீல்சேரில் கீழே கொண்டுவந்தார்கள். செக் புத்தகத்தைப் பார்த்து, "எதுக்குப்பா செக்கு? இன்ஷூரன்ஸ் என்னாச்சு?" என்றான்.

"நீ குடிச்சிட்டு வண்டி ஓட்டுனன்னு உங்கம்மா டாக்டர்கிட்ட சொல்லிட்டா மாப்ள," என்றார் அண்ணன்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"நான் குடிக்கலம்மா. ரோட்ல கெடந்தப்ப ஒரு வண்டியும் நிக்கல. ஒரு குடிகாரர்தான் தூக்கி ஆட்டோல போட்டு, மடியிலயே படுக்க வச்சிகிட்டு வந்தாரு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்றான்.