ஏழாம் வரி: பிரிஜ் ஒன்று

வெள்ளவத்தையில் தளபாடங்களோடு வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டைக் காலி செய்த அன்று, என் முன்பல் ஒன்று எங்கள் பிரிஜ்ஜின் கதவில் மோதி உடைந்தது.

லொறி கீழே நின்றது. வீட்டுக்கார ஐயாவின் மகன் பொருட்பட்டியலோடு அறை அறையாக வந்தான். மூன்று வருடத்துக்கு முன் அதை எழுதியவன் நான்தான். பொருள், எண்ணிக்கை, நிலை, பெறுமதி. ஐயாவும் நானும் இரண்டு பிரதிகளிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டோம். பத்திரிகையில் பிழை திருத்திப் பழகிய கை. மின்சாரப் பொருட்களின் தொடர் இலக்கத்தையும் எழுதி வைத்தேன்.

கட்டில், அலுமாரி, மின்விசிறி எல்லாம் சரி. ஏழாம் வரி: பிரிஜ் 1, நல்லது, நாற்பதாயிரம்.

அது முதல் வருடமே செத்துவிட்டது. "பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துவிடுங்கோ தம்பி" என்றார் ஐயா. கொடுத்தோம். மனைவியின் இன்சுலின் கெடாமல் இருக்க நாங்களே ஒன்று வாங்கினோம். பட்டியலை எவரும் திருத்தவில்லை.

லொறிக்காரர் இருவர் எங்கள் பிரிஜ்ஜைப் படியருகே தூக்கிவந்ததும் மகன் மறித்தான்.

"பிரிஜ்ஜை வையுங்கோ. லிஸ்டில இருக்கு."

"இது எங்கட. அப்பாவைக் கேளும்."

படியின் கீழே கதிரையில் இருந்த ஐயா நிமிர்ந்து பார்த்தார். பிறகு லொறிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பேப்பர்காரன் எண்டா சொல்லுறதெல்லாம் உண்மையோ?" என்றான் மகன்.

அவன் இழுத்தான், நானும் இழுத்தேன். அவனுடைய முழங்கை என் பிடரியில் இறங்கியது. பல் போனது அப்போதுதான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் இருந்த இரத்தத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை. அவன் உதைத்த உதை பிரிஜ்ஜில் பட்டது. லொறிக்காரர் கையை விட்டார்கள். பிரிஜ் பன்னிரண்டு படியும் உருண்டு, ஐயாவின் காலடியில் முகங்குப்புற விழுந்தது.

மனைவி கீழே ஓடிப்போய், பிரிஜ்ஜிலிருந்து சிதறியவற்றில் உடையாத ஓர் இன்சுலின் குப்பியை எடுக்கக் குனிந்தாள். பின்னால் இறங்கிவந்த மகன் அவள் விரல்களின் மேல் மிதித்தான். நானும் இறங்கி, பிரிஜ்ஜிலிருந்து கழன்று கிடந்த கம்பித் தட்டால் அவன் காதோடு சேர்த்து அடித்தேன். அவன் சுவரில் சாய்ந்தான்.

"நம்பரைப் பாருங்கோ!" என்று கத்தினாள் அவள்.

பின்பக்க ஸ்டிக்கர் மேலே தெரிந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு பட்டியலையும் ஸ்டிக்கரையும் மாறி மாறி வாசித்தான். ஓர் இலக்கமும் பொருந்தவில்லை. பிறகு சிரித்தான்.

"ஓம், இது உங்கட தான். அப்ப எங்கட எங்க?"

நான் ஐயாவைப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகமில்லை தம்பி" என்றார்.

ஏழாம் வரிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். நாற்பதாயிரத்தை, வீட்டுக்கு நாங்கள் கட்டியிருந்த முற்பணத்தில் கழிக்கச் சம்மதம் என்றும் எழுதினேன். கையெழுத்திடக் குனிந்தபோது வாயிலிருந்து ஒரு துளி தாளில் விழுந்தது.

மகன் தாளை உருவினான். "இரத்தம் பட்டது வேண்டாம். வேற தாளில எழுதும்."

எழுதினேன், இரண்டு பிரதி.