பால் ஊற்றாத பருப்பு

மடவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில், மண்சரிவில் வீடிழந்து வந்த குடும்பங்களுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து சமைத்தோம். சமையலுக்குப் பொறுப்பு நான். முதல் நாளே கத்திச் சொன்னேன்: "பருப்புல தேங்காய்ப்பால் ஊத்தக் கூடாது. மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும்." இருந்தது ஒரே அடுப்பு. விடியற்காலையிலேயே பருப்பைக் காய்ச்சி இறக்கினால்தான் சோற்றை நாலு தடவையாக வடிக்க முடியும்.

மூன்றாம் நாள், இன்றைக்கும் அதே மஞ்சள் தண்ணீரா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் பால் பிழிந்து ஊற்றினேன்.

மத்தியானம் வரிசை வாசல்வரை நின்றது. பருப்புக் கிடாரத்தின் மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் நுரை, புளித்த வாடை.

"யார் பால் ஊத்தினது?" என்றாள் கூடச் சமைத்தவள். நான் அகப்பையால் நுரையை ஒதுக்கினேன்.

"இன்னொருக்கா கொதிக்க வச்சுக் குடுத்துரலாமே" என்றாள் அவள்.

"ரெண்டு கக்கூசுக்கு இத்தனை சனம். வயித்தால போனா யார் பாக்கிறது?" என்று சீறினேன்.

பசித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அத்தனையையும் குழியில் கொட்டினோம். வெங்காயமும் செத்தல் மிளகாயும் இடித்து, தேசிக்காய் பிழிந்து, சோற்றோடு கொடுத்தோம்.

மறுநாள் மறுபடியும் பால் இல்லாத பருப்பு. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, "கொஞ்சம் பால் ஊத்தியிருக்கலாமே அக்கா" என்றாள்.

"வீட்டுக்குப் போய் ஊத்திக்க" என்று வெடுக்கெனச் சொன்னேன்.

அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள்.

"எந்த வீட்டுக்கு அக்கா?"