நாலு வரி வாழ்த்து

இரண்டாயிரமாவது ஆண்டு. தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எந்த வீட்டுக்குப் போனாலும் காதில் விழுந்த நேரம். என் கணவருக்கு சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வேலை. எப்போது வேண்டுமானாலும் அது போய்விடலாம் என்ற பயத்திலேயே நான் இருந்தேன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த என் மகளின் வேலை ஒன்றுதான் எனக்குத் தெம்பு.

அங்கே அவளுக்கு சீனியராக ஒருவர் இருந்தார். வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அதே கடைத்தெருவில் இன்னொரு சென்டர் புதிதாகத் திறந்தார்கள். அவர் அங்கே போவதாகச் சொல்லிவிட்டார். ஓனருக்கு ஆத்திரம். பாதி மாணவர்கள் அவர் பின்னால் போய்விடுவார்களே என்ற கவலை வேறு.

யார் விலகினாலும், வாழ்த்து ஒன்று எழுதி, ஃப்ரேம் போட்டு, மாணவர்கள் முன்னால் படித்துக் கொடுப்பது அந்த சென்டர் வழக்கம். எழுதும் பொறுப்பு என் மகளுக்கு வந்தது. ஓனர் ஒரு வரி சொல்லி அனுப்பியிருந்தார். "வளர்த்த இடத்தை மறக்காதீர்கள்னு கடைசியில போட்டுடும்மா."

அன்று சாயங்காலம் அவள் எழுதி எழுதி அடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'நீங்கள் இல்லாமல் இந்த சென்டர் எப்படி நடக்கும்' என்று முதலில் எழுதினாள். உடனே அடித்தாள்.

"அப்ப மிச்சம் இருக்கிற நாங்க இன்னா, சும்மாவா உக்காந்திருக்கோம்? பசங்களும் அதத்தானே நெனப்பாங்க."

புதிய சென்டரின் பேரை எழுதி அதையும் அடித்தாள். அவர் எங்கே போகிறார் என்று சொல்வது அவருடைய விஷயம், நாம் ஏன் விளம்பரம் பண்ண வேண்டும் என்றாள். 'அனைவருக்கும் உதவியவர்' என்பதும் போனது. அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாமாம். ஓனர் சொன்ன வரியை மட்டும் எழுதவே இல்லை.

"அவரு சொன்னத போட்டுடேன்மா. உங்கப்பா வேல இருக்கிற நெலமையில..." என்று கெஞ்சினேன்.

"அது வாழ்த்து இல்லம்மா, குத்தல். மறந்துட்டுப் போறாருன்னு எல்லார் எதிர்லயும் சொல்ற மாதிரி. ஃப்ரேம் போட்டு அவரு வீட்டுச் சுவத்துல மாட்டப் போறாரு."

மறுநாள் அவருடைய வழியனுப்பு விருந்துக்குக் கேசரி செய்து நானே எடுத்துப் போனேன். ஹாலில் மாணவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சண்டை வரும் என்று சிலர் ஆவலாகவே காத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஓனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் படித்தாள்.

"நான் சேர்ந்த வாரம் ஒரு மாணவியின் புராஜெக்ட் முழுவதையும் அழித்துவிட்டேன். நீங்கள் என் பேரைச் சொல்லாமல், அவளோடு உட்கார்ந்து மறுபடி செய்து கொடுத்தீர்கள். அன்றிலிருந்து என் வகுப்பில் யார் தவறு செய்தாலும் நான் அப்படித்தான் உட்காருகிறேன். நீங்கள் போகும் இடத்திலும், புதிதாகச் சேருகிறவருக்கு உங்கள் பக்கத்து நாற்காலி கிடைக்கட்டும்."

அவ்வளவுதான். ஓனர் அவளைப் பார்த்தார். "நான் சொன்னது இல்லையேம்மா" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கிறது சார். இது எல்லாரும் குடுக்கிறது."

அவர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "சார், நீங்க எந்த சென்டருக்குப் போறீங்க? நாங்களும் வந்துடறோம்."

மகள் கொடுத்த ஃப்ரேமை சீனியர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆரம்பிச்ச கோர்ஸ இங்கயே முடிங்க. மேடம் என்னவிடப் பொறுமையா சொல்லித் தருவாங்க. இன்னா, என்னை மாதிரி திட்ட மாட்டாங்க, அது ஒண்ணுதான் கொற."

எல்லோரும் சிரித்தார்கள். ஓனர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, முதல் கேசரித் தட்டை எடுத்து சீனியரிடம் நீட்டினார். என்னிடம் வந்தபோது, "உங்க பொண்ணு எழுதினதே போதும்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த பேட்சில் யாரும் சென்டரை விட்டுப் போகவில்லை. அடுத்த வருடம் என் கணவருக்கு வேலை போனது. அவளுடைய வேலை இருந்தது. அன்று அவள் என் பேச்சைக் கேட்டு அந்த வரியைப் படித்திருந்தால், மாணவர்கள் அவர் பின்னாலேயே போயிருப்பார்கள், அவளுடைய வேலையும் போயிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். யாராவது என்னிடம் வந்து, "நீங்க அந்த மேடத்தோட அம்மாதானே?" என்று கேட்கும்போது, பதில் சொல்வதற்கு முன்பே நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றுவிடுகிறேன்.